மகனுக்கு வந்த ஃபயர் அண்ட் சேஃப்டி நோட்டீஸ் என்ன சொல்கிறது?

அம்மா, உங்கள் மகனுக்குப் பயிற்சி நிறுவனத்திலிருந்து வந்த நோட்டீஸைப் படமெடுத்து அனுப்பி, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஆங்கிலத்தில் உள்ளதை வரிவரியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். தம்பி பிளஸ் டூ முடித்த கையோடு ஃபயர் அண்ட் சேஃப்டி படித்து வளைகுடாவுக்குப் போக நினைப்பதில் தவறில்லை. கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்தில் பலரும் நினைப்பதுதான். ஆனால் பெரிய எழுத்தைப் பார்த்து நீங்கள் புரிந்துகொண்டதும், அடியில் பொடி எழுத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

முதலில் பணம். பயிற்சிக் கட்டணம் 38,000 ரூபாய் என்று நடுவில் இருக்கிறது. அதன் அருகே ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்கான விளக்கம் தாளின் கடைசி வரியில் இருக்கிறது: “18 சதவீத ஜிஎஸ்டி, பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை ஆகியவை தனி.” இடது ஓரத்தில் பதிவுக்கு 2,000, தேர்வுக்கு 4,500, சீருடைக்கும் பாதுகாப்புக் காலணிக்கும் 3,000 என்று இருக்கிறது. 38,000-க்கு ஜிஎஸ்டி 6,840. எல்லாம் சேர்த்தால் 54,340 ரூபாய். நகையை அடகு வைப்பதாகச் சொன்னீர்களே, இந்தத் தொகையை வைத்து யோசியுங்கள். மற்றவற்றுக்கும் ஜிஎஸ்டி உண்டா என்பது நோட்டீஸில் இல்லை. மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பொடி எழுத்தில் இன்னொரு வரி: “பதிவுக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. முதல் தவணை கட்டிய பின் விலகினால் மீதித் தவணைகளும் செலுத்தப்பட வேண்டும்.” இரண்டாம் வாரத்திலேயே தம்பிக்குப் பிடிக்காமல் போனாலும் முழுப் பணமும் கேட்பார்கள் என்பதுதான் இதன் பொருள். என்னை மிகவும் உறுத்திய வரி இது. அதோடு, “சேர்க்கையின்போது அசல் மதிப்பெண் சான்றிதழ் ஒப்படைக்கப்பட வேண்டும்” என்றும் இருக்கிறது. அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். அது அவர்களிடம் இருந்தால், கட்டணத் தகராறு வரும் நாளில் வேறு கல்லூரியில் சேரவும் வழியிருக்காது.

காலம் ஆறு மாதம் என்கிறார்கள். அதில் கடைசி இரண்டு மாதம் வேலையிடப் பயிற்சி; எந்த நிறுவனத்தில் என்று இல்லை. மீதி நான்கு மாதம் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். கூட்டினால் சுமார் நூறு மணி நேர வகுப்புதான்.

இனி சான்றிதழ். “அரசுப் பதிவு பெற்றது, ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்றது” என்று மேலே இருக்கிறது. பதிவு என்பது அந்த நிறுவனம் நடத்தப் பெற்ற பதிவு. ஐஎஸ்ஓ 9001 அதன் நிர்வாக முறைக்கானது. இரண்டுமே இந்தப் படிப்புக்கான அரசு அங்கீகாரம் ஆகாது. சான்றிதழை யார் வழங்குகிறார்கள் என்று தேடினால், “நிறுவனத்தின் டிப்ளமோ” என்று ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. தொழிற்பயிற்சிப் படிப்புகளுக்கான அரசு அமைப்பான என்சிவிஇடி ஏற்ற படிப்பு என்றால், சான்றிதழில் அதன் முத்திரையும் தகுதி நிலை எண்ணும் இருக்கும். பழைய மாணவர் ஒருவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

“நெபோஷ் விருப்பப் பாடம், கூடுதல் கட்டணத்தில்” என்ற வரியும் இருக்கிறது. வளைகுடாவில் பல நிறுவனங்கள் கேட்பது இந்தப் பிரிட்டன் அமைப்பின் சான்றிதழைத்தான். அதை இந்த 54,340 ரூபாய்க்குள் சேர்த்து எண்ணாதீர்கள். அதை நடத்த அனுமதி பெற்ற நிலையங்களின் பட்டியல் நெபோஷ் இணையதளத்திலேயே உண்டு. இந்த நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று தம்பியையே பார்க்கச் சொல்லுங்கள்.

“நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி” என்பது வேலை தருவோம் என்ற வாக்குறுதி அல்ல. நேர்காணலுக்கு அனுப்பினாலே அவர்கள் சொன்னது நிறைவேறிவிடும். நம் ஊர்த் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர் ஆக, பொறியியல் பட்டயமோ பட்டமோ அல்லது அறிவியல் பட்டமோ, அனுபவமும், அதற்கு மேல் அரசு ஏற்ற தொழிற்பாதுகாப்புப் பட்டயமும் வேண்டும். பிளஸ் டூவும் இந்த ஆறு மாதப் படிப்பும் அந்தப் பதவிக்குப் போதாது. தம்பிக்கு இந்தத் துறைதான் வேண்டுமென்றால், நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள அரசு பாலிடெக்னிக்கில் பட்டயம் படித்துவிட்டு இதற்கு வருவது நீண்ட வழிதான். ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

படத்தில் நோட்டீஸின் மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வரி தெரியவில்லை. வருகைப்பதிவு குறைந்தால் சான்றிதழ் உண்டா என்பது அங்கேதான் இருக்க வேண்டும். தாளை மேசையில் விரித்து, வெயில் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுத்து, பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அதுவரை அந்த 2,000 ரூபாயைக் கட்ட வேண்டாம்.