41 என்ற எண் சொல்லும் சேதி

மதிப்புக்குரிய சேர்,

நான் வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கிறேன். A(1, 2), B(5, 4) என்று தந்து, ABC சமபக்க முக்கோணியாக இருக்கும்படி C ஐக் காணும் கணக்கு ஒன்று. புள்ளிகளைச் சிக்கலெண்களாக எழுதி, B க்குரிய 5 + 4i ஐ cos 60° + i sin 60° ஆல் பெருக்கினேன். சுழற்சி மையம் A என்பதால் விடையோடு 1 + 2i ஐக் கூட்டினேன். ஆனால் AC யும் AB யும் சமமாக வரவில்லை. வேறொரு கணக்கில் இதே முறையில் ஒரு முக்கோணியின் மூன்று உச்சிகளையும் சுழற்றினேன். அங்கே பக்கங்கள், கோணங்கள் எல்லாம் சரியாகவே வந்தன. அப்படியென்றால் முறை சரியா, பிழையா?

உயர்தர மாணவன், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பிக்கு,

முறை பிழை. அந்த மற்றக் கணக்கிலும் பிழைதான், அங்கே அது வெளியே தெரியவில்லை. முதலில் உங்கள் விடையை அளந்து பார்ப்போம்.

நீங்கள் பெற்ற புள்ளி (7/2 − 2√3) + i(4 + 5√3/2). தசமத்தில் ஏறத்தாழ (0.04, 8.33). இதற்கும் A க்கும் இடையிலான தூரத்தின் வர்க்கத்தைக் கண்டால் 41 வரும். AB² என்பதோ 4² + 2² = 20. இந்த 41 எங்கிருந்து வந்தது? 5² + 4² = 41. அதாவது உற்பத்தி O விலிருந்து B இருக்கும் தூரத்தின் வர்க்கம். நீங்கள் சுழற்றிய கோடு AB அல்ல, OB என்பதை இந்த ஓர் எண்ணே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

cos θ + i sin θ ஆல் பெருக்குவது எப்போதும் உற்பத்தியைப் பற்றித்தான் சுழற்றும். அந்தப் பெருக்கலில் இடம் மாறாமல் நிற்கும் எண் பூச்சியம் மட்டுமே. ஆகவே வேறொரு புள்ளியைப் பற்றிச் சுழற்ற வேண்டுமானால், பெருக்குவதற்கு முன்பே அந்தப் புள்ளியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மையம் c, சுழலும் புள்ளி z, சுழற்சிக்குப் பின் அது சேரும் இடம் w என்றால், z − c என்பது மையத்திலிருந்து புள்ளிக்குப் போகும் அம்பு. அந்த அம்பைச் சுழற்றி, அதன் வாலைத் திரும்பவும் c இல் வைக்க வேண்டும்:

w = c + (z − c)(cos θ + i sin θ)

உங்கள் கணக்கில் B − A = 4 + 2i. இதை 1/2 + i√3/2 ஆல் பெருக்குங்கள். 4 × 1/2 = 2. 4 × i√3/2 = 2√3 i. 2i × 1/2 = i. கடைசியாக 2i × i√3/2 = −√3. இந்தக் கடைசி உறுப்பில்தான் குறி தவறும், i² ஐ மறக்கக் கூடாது. சேர்த்தால் (2 − √3) + i(1 + 2√3). இதோடு 1 + 2i ஐக் கூட்ட,

C = (3 − √3) + i(3 + 2√3)

தசமத்தில் ஏறத்தாழ (1.27, 6.46). சரிபார்க்க, (2 − √3)² + (1 + 2√3)² = (7 − 4√3) + (13 + 4√3) = 20. √3 உள்ள உறுப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதைக் கவனியுங்கள். சரியாகச் செய்த சுழற்சியில் இப்படித்தான் நடக்கும். இடையில் 1.732 ஐப் போட்டிருந்தால் இந்த அழகான சான்று கையை விட்டுப் போயிருக்கும். அதனால் கடைசி வரை √3 ஐ அப்படியே வைத்திருங்கள்.

இன்னொன்று. A, B, C இடஞ்சுழி ஒழுங்கில் பெயரிடப்பட்டவை என்று கேள்வியில் சொல்லப்படாவிட்டால், −60° யாலும் சுழற்ற வேண்டும். i√3/2 இன் குறியை மாற்றிப் பெருக்கினால் (3 + √3) + i(3 − 2√3) வரும். AB என்ற கோட்டின் மறுபக்கத்தில் நிற்கும் முக்கோணி அது. அதையும் எழுதினால்தான் விடை முழுமை.

இனி உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருவோம். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். வெள்ளவத்தையில் எந்தப் புத்தகக்கடையிலும் எண்ணெய்த்தாள் கிடைக்கும். ஒரு தாளை வரைபுத்தாளின் மேல் விரித்து, முக்கோணியையும் A என்ற புள்ளியையும் அதில் படியெடுங்கள். O இல் குண்டூசியைக் குத்தி, மேல்தாளை இடஞ்சுழியாக 60° திருப்புங்கள். இப்போது ஊசியைக் கழற்றி, தாளை மேலும் திருப்பாமல், வலப்பக்கம் 1, மேலே 2 அலகு நகர்த்துங்கள். நீங்கள் பெருக்கிக் கூட்டியது இதைத்தான். தாள் விறைப்பானது, இழுபடுவதில்லை. ஆகவே முக்கோணியின் பக்கங்களும் கோணங்களும் மாற வழியே இல்லை. மூன்று உச்சிகளையும் ஒன்றாகச் சுழற்றியபோது எல்லாம் சரிபோலத் தெரிந்தது இதனால்தான்.

ஆனால் எண்ணெய்த்தாளில் குறித்த A எங்கே போயிற்று என்று பாருங்கள். அது சுழற்சியில் (−1.23, 1.87) க்குப் போய், நகர்த்தலில் (−0.23, 3.87) இல் வந்து நிற்கும். சுழற்சி மையம் A என்றால் அது அசைந்திருக்கவே கூடாது. மையம் தன் இடத்தில் நிற்க வேண்டுமானால் கூட்ட வேண்டிய அளவு c அல்ல. cos θ + i sin θ ஐ ω என்று சுருக்கி எழுதி, மேலே உள்ள சூத்திரத்தை விரித்தால்,

w = ωz + (1 − ω)c

கூட்ட வேண்டியது (1 − ω)c. நீங்கள் c முழுவதையும் கூட்டிவிட்டீர்கள். பெருக்கும்போது மையமும் ωc என்ற இடத்துக்குப் போய்விட்டது, அங்கிருந்து c க்குத் திருப்பிக்கொண்டுவரும் அளவு மட்டுமே தேவைப்பட்டது.

அப்படியானால் நீங்கள் செய்தது என்னவகை மாற்றம்? அதுவும் ஒரு சுழற்சியே, அதுவும் சரியாக 60° சுழற்சி. மையம்தான் வேறு. அசையாமல் நிற்கும் புள்ளி p என்றால் p = ωp + c, ஆகவே

p = c / (1 − ω)

60° க்கு 1 − ω = 1/2 − i√3/2. இதன் நிகர்மாறு ω வே. ஆகவே p = ωc = (1/2 − √3) + i(1 + √3/2), அதாவது ஏறத்தாழ (−1.23, 1.87). எண்ணெய்த்தாளில் A முதலில் போய் நின்ற அதே இடம்! இந்தப் பொருத்தம் 60° க்கும் −60° க்கும் மட்டும் உரியது, மற்றக் கோணங்களில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் c / (1 − ω) என்பது எல்லாக் கோணத்துக்கும் செல்லும், ω = 1 ஐத் தவிர. அப்போது சுழற்சியே இல்லை, வெறும் நகர்த்தல், அசையாத புள்ளியும் கிடையாது. w = ωz + k என்று ஒரு மாற்றத்தைத் தந்து, ω இன் மட்டு 1 என்றும் சொல்லி, "இது எந்தப் புள்ளியைப் பற்றிய சுழற்சி?" என்று கேட்டால் k / (1 − ω) என்று எழுதிவிடலாம்.

சரிபார்ப்பதற்கு ஒரே வழியைக் கைப்பழக்கமாக்குங்கள். விடை கிடைத்ததும் (w − c) / (z − c) ஐக் காணுங்கள். மட்டு 1 ஆக வராவிட்டால் மையத்திலோ பெருக்கலிலோ பிழை. மட்டு 1 ஆகி வீசல் கேட்ட கோணமாக வராவிட்டால் கோணத்தில் அல்லது திசையில் பிழை. தூரத்தை மட்டும் அளந்து பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது பிழை அகப்படாது. வலஞ்சுழி என்று கேட்டிருக்க இடஞ்சுழியாகச் சுழற்றினாலும் தூரம் சரியாகத்தானே வரும்.

கணினியில் சரிபார்க்க விரும்பினால் பைதனில் இவ்வளவு போதும்:

```
import cmath, math
c = 1+2j
z = 5+4j
t = math.radians(60)
w = c + (z - c)*cmath.exp(1j*t)
print(w)
print((w - c)/(z - c))
```

முதல் வரியில் ஏறத்தாழ 1.268+6.464j, இரண்டாவதில் 0.5+0.866j கிடைக்கும். math.radians ஐ விட்டுவிட்டு நேராக 60 என்று கொடுத்தால், நிரல் அதை 60 ஆரையனாக எடுக்கும். ஒன்பது முழுச் சுற்றுகளைக் கழித்தால் அது ஏறத்தாழ 197.7°. பிழைச்செய்தி எதுவும் வராது, A யிலிருந்து தூரமும் √20 ஆகவே இருக்கும், புள்ளி மட்டும் ஏறத்தாழ எதிர்ப்பக்கத்தில் போய் நிற்கும். இரண்டாவது print இதற்காகத்தான். கணிப்பானிலும் பாகையா ஆரையனா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் வரைபவர்களுக்கு ஒரு சொல்: பெரும்பாலான வரைகலை நிரல்களில் y அச்சு கீழ்நோக்கிப் போகும். அங்கே இடஞ்சுழிச் சூத்திரம் கண்ணுக்கு வலஞ்சுழியாகத் தெரியும். சூத்திரம் பிழை என்று எண்ணி அதைத் திருத்தப் போகாதீர்கள், θ இன் குறியை மாற்றினால் போதும்.

90° க்கு இவ்வளவு எழுத்தும் வேண்டாம். i ஆல் பெருக்குவதென்றால் p + qi என்பது −q + pi ஆகும், அவ்வளவே. இதே A, B யை வைத்து A யில் செங்கோணம் அமைய வேண்டுமென்றால் 4 + 2i என்பது −2 + 4i ஆகும், 1 + 2i ஐக் கூட்ட (−1, 6). AB ஐ ஒரு பக்கமாகக் கொண்ட சதுரம் கேட்டால் D இதுவே. C க்கு மறுபடி சுழற்றத் தேவையில்லை. B யோடு −2 + 4i ஐக் கூட்டுங்கள், (3, 8). AB மூலைவிட்டம் என்று தந்தால் மட்டும் மையம் மாறும். அப்போது A யை விட்டுவிட்டு நடுப்புள்ளி (3, 3) ஐ c ஆக எடுங்கள். B − c = 2 + i, அது i ஆல் −1 + 2i ஆகும். மற்ற இரண்டு உச்சிகள் (2, 5), (4, 1).

அந்த மூன்று உச்சிக் கணக்கை மறுபடி எடுத்து, ஒவ்வோர் உச்சியிலிருந்தும் மையத்தைக் கழித்துச் செய்து பாருங்கள். பழைய விடையில் கிடைத்த முக்கோணிக்கும் புதியதற்கும் இடையே மூன்று உச்சிகளிலும் ஒரே வித்தியாசம் இருக்கும். அது ωc.

அன்புடன்