பில்லுக்குத் தந்த நம்பர், விளம்பரத்துக்குத் தந்த நம்பர்

"கும்பகோணத்தில் ரெடிமேட் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். நாலு வருஷமாக பில் போடும்போது வாங்கிய போன் நம்பர் 2,300 இருக்கிறது. கொஞ்சம் பேரின் இமெயிலும் உண்டு. ஆடித் தள்ளுபடிக்கு எல்லாருக்கும் வாட்ஸ்அப், எஸ்எம்எஸ் அனுப்பலாமா? அனுமதி வாங்க வேண்டும் என்கிறார்கள். எப்படி வாங்குவது, எங்கே எழுதி வைப்பது?"

அந்த 2,300 பேருக்கும் அனுப்ப வேண்டாம். அவர்கள் நம்பர் தந்தது பில்லுக்கு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இதற்கு ஏறக்குறைய உங்கள் கடையையே காட்டுவது போல ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மருந்துக்கடையில் ஒரு பெண் மருந்து வாங்குகிறார். பணம் கட்டியதற்கு ரசீது அனுப்பச் சொல்லி நம்பர் தருகிறார். கடைக்காரர் அந்த நம்பரை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான். அடுத்த மாதம் சத்து மாவு விளம்பரம் அனுப்ப வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடைக்காரர்களைத் தொடும் முக்கியப் பொறுப்புகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. நாள் இருக்கிறதே என்று இருக்காமல் இந்த ஆடிக்கே தொடங்குங்கள், ஏனென்றால் பட்டியல் சேர நாளாகும்.

சட்டத்தை விடுங்கள், பழைய பட்டியலில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட மொபைல் நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். நாலு வருஷத்து நம்பர்களில் சில இப்போது உங்கள் கடை வாசலையே மிதிக்காதவர்களிடம் இருக்கும். அவர்கள் உங்களை பிளாக் செய்து புகாரும் கொடுத்தால், வாட்ஸ்அப் உங்கள் கடை நம்பரையே முடக்கிவிடக்கூடும். பில் அனுப்பவும் வழியில்லாமல் போகும்.

அதனால் முதலில் இரண்டு நோட்டு போடுங்கள். ஒன்று பில் நோட்டு, இன்னொன்று செய்தி நோட்டு. கம்ப்யூட்டரில் என்றால் இரண்டு தனிக் கோப்புகள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு நம்பர் போவது வாடிக்கையாளர் சரி சொன்னால் மட்டும்.

அந்த 'சரி'யை வாங்கும் இடம் கல்லாதான். பில் போடுகிறவர் "போன் நம்பர் சொல்லுங்க" என்று மொட்டையாகக் கேட்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "பில்லை வாட்ஸ்அப்ல அனுப்பவாக்கா, பேப்பர்லயே தரவா?" அது முடிந்த பிறகு, தனியாக: "புதுச் சரக்கு, தள்ளுபடி வந்தா மாசம் ஒரு மெசேஜ் போடலாமா? வேண்டாம்னாலும் பரவால்ல." நம்பர் தராவிட்டால் பில் கிடையாது என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. வாடிக்கையாளரிடம் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

வாயால் சொன்ன சரியை நாளைக்கு எப்படி நிரூபிப்பீர்கள்? சட்டப்படி நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நான் சிறு கடைகளுக்குச் சொல்வது, வாடிக்கையாளரையே முதல் மெசேஜ் அனுப்ப வைப்பதுதான். கல்லாவில் ஒரு கியூஆர் அட்டை வையுங்கள். அதற்குள் இருக்க வேண்டிய லிங்க் இது. X இருக்கும் இடத்தில் உங்கள் கடை நம்பர்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=SARI
```

ஸ்கேன் செய்தால் அவர் வாட்ஸ்அப்பில் உங்கள் கடைப் பக்கம் திறக்கும், SARI என்ற சொல் அடித்துத் தயாராக நிற்கும். அவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினால் நாள், நேரம், நம்பர், ஒப்புதல் எல்லாம் ஒரே வரியில் பதிவாகிவிடும். நம்பரைத் தப்பாக எழுதிக்கொள்ளும் தொல்லையும் இல்லை. அட்டையிலேயே தமிழில் எழுதுங்கள்: எதற்காக நம்பர், மாதம் எத்தனை மெசேஜ், நிறுத்த என்ன அனுப்ப வேண்டும், அழிக்கவோ திருத்தவோ யாரிடம் கேட்பது, குறை இருந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்யலாம் என்பது. படிக்காமல் அழுத்தியதை ஒப்புதல் என்று சொல்லிக்கொள்ள முடியாது, அதனால் எழுத்து பெரிதாக இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கேட்கவே வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

செய்தி நோட்டில் ஐந்து பத்தி போதும்: பெயர், நம்பர் அல்லது இமெயில், எதற்குச் சரி சொன்னார், எந்த நாளில், எந்த வழியில். "கவிதா, வாட்ஸ்அப் மட்டும், 12.06, கல்லா கியூஆர்" என்று ஒரு வரி இருந்தால், இமெயிலுக்கு அவர் சரி சொல்லவில்லை என்பது பார்த்தவுடன் தெரியும். பிறந்தநாள், முகவரி எல்லாம் ஆசைப்பட்டுச் சேர்க்காதீர்கள்; இல்லாதது திருடு போகாது. எக்செல் என்றால் நம்பர் பத்தியை முதலிலேயே Text என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 91 சேர்த்த நம்பர் 9.19E+11 என்று நிற்கும்.

கோப்பு கடைக் கணக்கில் இருக்கட்டும், ஊழியர் ஒருவரின் சொந்த போனில் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு கடையில், வேலையை விட்டுப் போன பையன் அடுத்த தெருவில் கடை போட்டபோது பட்டியலும் அவனோடு போயிருந்தது. கூகுள் ஷீட் என்றால் 'Anyone with the link' என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் Restricted ஆக்குங்கள். யார் யார் திறக்கலாம் என்று இரண்டு பேரை மட்டும் வையுங்கள். கல்லாவில் விரித்து வைத்த பேப்பர் நோட்டும் இதில் சேர்த்திதான். வரிசையில் நிற்கிறவர் முந்தின பத்துப் பெண்களின் நம்பரைப் படம் பிடித்துக்கொள்ள முடியும்.

அனுப்பும்போது வாட்ஸ்அப் குழு போடாதீர்கள். குழுவில் ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். அது உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும் என்பதால், கல்லாவிலேயே சேமிக்கச் சொல்லிவிடுங்கள். இமெயிலில் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி எல்லா முகவரியும் Bcc-யில். எஸ்எம்எஸ் வேறு கதை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, வணிக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் பதியும் டிஎல்டி தளத்தில் கடையையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் பதிந்தால்தான் போகும். சில நூறு பேருக்கு வாட்ஸ்அப் போதும், இந்த ஆடிக்கு எஸ்எம்எஸ்ஸை விட்டுவிடுங்கள்.

ஒருவர் "வேண்டாம்" என்று அனுப்பினால் அன்றே நிறுத்துங்கள். ஏன் என்று திருப்பிக் கேட்கக் கூடாது. அவர் வரியை அழித்துவிட்டு, நம்பரை மட்டும் 'அனுப்பாதே' என்ற தனித்தாளில் எழுதுங்கள். முழுக்க அழித்தால் அடுத்த மாதம் யாராவது தெரியாமல் மறுபடி சேர்த்துவிடுவார்கள். பில் நோட்டிலிருந்து அழிக்கச் சொன்னால், ஜிஎஸ்டி கணக்கை ஆண்டுக் கணக்குத் தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டியது சட்டம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

அந்த 2,300 பேர்? அவர்களிடம் அனுமதி கேட்டு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பலாமே என்று தோன்றும். வாங்குகிறவர் கண்ணுக்கு அதுவும் கேட்காமல் வந்த விளம்பரம்தான். பேப்பர் பில்லின் அடியில் அந்த கியூஆரை அச்சடியுங்கள். கடைக்கு வரும்போது கேளுங்கள். 300 பேர் சரி சொன்னாலும், ஆடிக்கு வரப்போவது அவர்கள்தான்.