142 கிலோ கோழி எங்கே போனது? மாத ஸ்டாக் வித்தியாசம் பற்றிய கேள்வி பதில்

ஈரோடு, பெருந்துறைப் பக்கம் சில அசைவ ஹோட்டல்களுக்கு மாதக் கடைசியில் ஸ்டாக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். ஸ்டோர் கீப்பராகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சமையல் பக்குவம் பற்றிய கேள்விகளுக்கு நான் ஆளில்லை; சரக்கு எங்கே போகிறது என்று கேளுங்கள்.

பெருந்துறை: "அண்ணா, போன மாசம் கோழியில மட்டும் 142 கிலோ இடிக்குதுங்க. கிச்சன்ல யாரோ எடுக்கறாங்கன்னு தோணுது. எங்க இருந்து பாக்க ஆரம்பிக்கறது?"

ஆளைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். போன வாரம் மூன்று நாள் காலையில் உங்கள் கிச்சனில் நின்று எடை போட்டேன் இல்லையா, அதையும் சேர்த்தே சொல்கிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும்.

மாத ஆரம்பத்தில் ஃப்ரீசரில் 18 கிலோ. மாதம் முழுக்க வாங்கியது 912. கடைசியில் எண்ணியபோது மீதி 22. ஆக நிஜச் செலவு 908 கிலோ. பில்லிங் மெஷின்படி பிரியாணி 2,400 தட்டு, தட்டுக்கு 160 கிராம். பள்ளிபாளையம் சிக்கன் 1,100, தலா 200 கிராம். சில்லி சிக்கன் 900, தலா 180 கிராம். விற்ற அளவுக்கு ஆகியிருக்க வேண்டியது 766 கிலோ. இடைவெளி 142.

முதலில் பில்களை எடுத்தோம். 31ஆம் தேதி போட்ட ஒரு பில்லில் 30 கிலோ இருந்தது. ஆனால் வண்டி வந்தது 1ஆம் தேதி காலையில். பில் அந்த மாத வரவில் ஏறிவிட்டது, கோழி அந்த மாத எண்ணிக்கையில் இல்லை. அந்த 30 கிலோ செலவே ஆகவில்லை. இதை எல்லாருக்கும் சொல்கிறேன்: கடைசி நாள் ராத்திரி, கடை சாத்திய பிறகு, அடுத்த லோடு வருவதற்குள் எண்ணுங்கள். அதுவரை வந்த சரக்கின் பில் மட்டும்தான் அந்த மாதக் கணக்கு. மீதி 112.

அடுத்தது சுத்தம் செய்வதில் போகும் எடை. ரெசிபி கார்டில் உள்ள 160 கிராம் கழுவி, கொழுப்பு நீக்கிய கறி. கடைக்காரர் பில் போடுவது அதற்கு முந்தைய எடைக்கு. உங்கள் இடத்தில் 20 கிலோ உள்ளே போனால் 19 கிலோதான் சட்டிக்கு வந்தது. அப்படிப் பார்த்தால் 766 கிலோ கறிக்கு 806 கிலோ வாங்கியாக வேண்டும். 40 கிலோ இதில் போனது. மீதி 72. இந்த 20க்கு 19 உங்கள் கடைக்கான அளவு. அடுத்தவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆட்கள் சாப்பாடு எங்கும் எழுதப்படவில்லை. 14 பேர், மாதத்தில் 9 நாள் கோழிக் குழம்பு, ஆளுக்கு 100 கிராம். வாங்கும் எடையில் 13 கிலோ. மீதி 59.

இனிமேல்தான் முக்கியமான இடம். "தட்டுக்கு ரெண்டு பீஸ்தான் வைக்கறோம், அதுல மாத்தமே இல்ல" என்று உறுதியாகச் சொன்னீர்கள். உண்மைதான், நானும் பார்த்தேன். ஆனால் பீஸை எண்ணுகிறீர்களே தவிர யாரும் எடை போடுவதில்லை. 40 பச்சைத் துண்டுகளை எடுத்துத் தராசில் வைத்தேன். சராசரி 89 கிராம் வந்தது. கார்டுப்படி 80. தட்டுக்கு 18 கிராம் கூடுதல். 2,400 தட்டுக்குக் கணக்குப் போட்டால், வாங்கும் எடையில் 45½ கிலோ. கறி வெட்டுபவரின் கை பெரிதாக விழுகிறது, அவ்வளவுதான்.

இப்போது நிற்பது 13½ கிலோ. 142 கிலோவுக்கும் ஒருவர் மேல் பழி போட இருந்தீர்கள்.

நாமக்கல்: "முட்டைக்கும் இந்தக் கணக்கு வேணுங்களா? அட்டை அட்டையா எண்ணித்தானே வாங்கறோம்."

கட்டாயம் வேண்டும், அதுவும் முதலில். முட்டையில் கழிவு எடை கிடையாது, பெரிய துண்டு சின்னத் துண்டு கிடையாது. பிரியாணிக்கு ஒரு முட்டை என்றால் ஒன்றுதான். அதனால் முட்டை குறைந்தால் காரணம் மூன்றே: உடைந்தது, எண்ணியது தப்பு, அல்லது பில் இல்லாமல் தட்டு வெளியே போனது.

பெருந்துறைக் கடையில் இதையும் பார்த்தோம். அந்த மாதம் 31 முட்டை குறைந்தது. அத்தனையும் பில் போடாத பிரியாணி என்றே வைத்துக்கொண்டாலும், கோழியில் அது 6 கிலோவைத் தாண்டாது. அந்த 13½ கிலோவில் பிரியாணிப் பார்சலாகப் போயிருக்கக்கூடிய உச்சம் அது. மீதி ஏழெட்டு கிலோவுக்குக் காரணம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. தீய்ந்ததோ, சில்லி சிக்கன் தட்டில் கூடப் போனதோ.

கோபி: "எங்க கடைல சீரகச் சம்பா மூணு மடங்கு அதிகமா செலவாகுதுங்க. கார்டு சரியாத்தான் போட்டிருக்கோம்."

தட்டில் வைக்கும் சோற்றின் எடையைக் கார்டில் எழுதிவிட்டு, ஸ்டோரில் அரிசியை எண்ணுகிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் அரிசி குறைவாகத்தான் செலவாகியிருக்கும், அதிகமாக அல்ல. நீங்கள் சொல்வது தலைகீழாக வருகிறது என்றால், மூட்டைக் கணக்கும் கிலோக் கணக்கும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். 26 கிலோ மூட்டையை எங்கோ ஓரிடத்தில் 75 என்று போட்டிருக்கிறீர்களா பாருங்கள்.

கோவை: "சார், 3%க்குள்ள இருந்தா கண்டுக்க வேண்டாம்னு எங்க ஆடிட்டர் சொல்றார். எனக்கு மொத்தமா 1.8%தான் வருது. அப்ப நான் சேஃப் தானே?"

ஆடிட்டர் சொன்னது பாதி சரி. ஒரு பொருளுக்கு அது பொருந்தும், மொத்த ஸ்டோருக்குப் பொருந்தாது. ஆட்டுக்கறியில் ₹20,000 குறைந்து, எண்ணெயிலும் அரிசியிலும் ₹17,000 கூடியிருந்தால் மொத்தத்தில் ₹3,000தான் தெரியும். இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கும், கூட்டுத்தொகை அதை மூடிவிடும். பொருள் பொருளாகப் பிரித்து, ரூபாயில் பெரியது எது என்று பாருங்கள். இன்னொன்று, கணக்கைவிடக் குறைவாகச் செலவானால் லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் தட்டில் கறி குறைகிறது, இல்லையென்றால் எண்ணியது தப்பு.

சென்னிமலை: "திருட்டைக் கண்டுபிடிக்க கேமரா எந்த எடத்துல வெக்கணும்?"

கேமரா எனக்குத் தெரியாது. வாங்கும் வாசலில் தராசு வையுங்கள்.

கரூர், 26 வருஷமாக மாஸ்டர்: "ஒவ்வொரு துண்டையும் தராசுல வெச்சா அது சமையலுங்களா, மருந்துக் கடைங்களா? கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குது. வெட்டறவன் மேல பழிய போட்டுட்டீங்களே, அவன் சம்பளம் என்னன்னு தெரியுமா?"

மாஸ்டர், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் எடை போடச் சொல்வது பச்சைக் கறியை மட்டும், அதுவும் வாரத்துக்கு ஒரு நாள் 40 துண்டு. மிளகாய், சோம்பு, சின்ன வெங்காயம் எல்லாம் உங்கள் கைக்கு விட்டதுதான். வெட்டுபவரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. 9 கிராம் யார் கண்ணுக்கும் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

திருப்பூர், ஹோட்டல் ஓனர்: "மாஸ்டர்களுக்கு இப்படி எடம் குடுத்ததாலதான் நான் ரெண்டு கடைய மூடுனேன். பூட்டு போட்டு அளந்து குடுக்கணும், வேற வழியே இல்ல."

உங்கள் கடையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் பூட்டு போட்ட கடைகளிலும் வித்தியாசம் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் எண்ணுவதை லோடு வருவதற்குள் முடித்தீர்களா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும்.

கரூர் மாஸ்டர் மீண்டும்: "திருப்பூர்க்காரருக்கு நான் பதில் சொல்லல. உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எங்களுக்குக் குடுக்கற உத்தரவு ஒரு கோழிக்கு 14 துண்டுன்னுதான். கோழி பெருசா வந்தா துண்டும் பெருசாத்தான் வரும். அந்த மாசம் கோழி என்ன சைஸ்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். பில் ஃபைலை எடுத்துவிட்டு வருகிறேன்.

தாராபுரம்: "ஏசி ரூமுக்கு ஜிஎஸ்டி எவ்வளவு போடணும்?"

ஆடிட்டரைக் கேளுங்கள்.

பல்லடம்: "நாங்க உயிர்க்கோழி எடைக்கு வாங்கறோம், கடைலயே உரிச்சுக்கறோம். எங்களுக்கு 30%க்கு மேல இடிக்குது. யாரு எடுக்கறா?"

யாரும் எடுக்கவில்லை. இறகு, தோல், குடல், தலை, கால் போனால் உயிர் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் கறி நிற்கும். உயிர் எடையை வரவில் எழுதாதீர்கள். உரித்த பிறகு எடை போட்டு, அந்த எடையையே ஸ்டாக்கில் ஏற்றுங்கள். கறியின் கிலோ விலையும் அதன்படி உயரும், பயப்படாதீர்கள்.

அவிநாசி: "கிச்சன்ல திருடறவன எப்படிப் புடிக்கறது?"

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். தேதி, தராசு, பிறகுதான் ஆள்.

பெருந்துறை: "அண்ணா, அந்த கோழி சைஸ் விஷயம் என்னாச்சுங்க? கட்டர் பையன்கிட்ட நேத்தே சத்தம் போட்டுட்டேன்."

பில்களைப் பார்த்துவிட்டேன். பாதிப் பில்களில்தான் எடையோடு கோழி எண்ணிக்கையும் எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய மாதம் உரித்த கோழி சராசரி 1 கிலோ 200 கிராம். போன மாதம் 1 கிலோ 320. சுத்தம் செய்த பிறகு 14 துண்டு போட்டால் முன்பு 81 கிராம் வந்திருக்கும், போன மாதம் 90 கிராம் அளவில் வந்திருக்கும். நான் எடை போட்டதில் 89. மாஸ்டர் சொன்னது பெரும்பாலும் பொருந்துகிறது. கட்டர் கை மாறவில்லை, கோழி மாறியிருக்கிறது. நான் அவர் மேல் போட்டது தவறு. நீங்களும் அந்தத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

மீதிப் பில்களுக்கு எண்ணிக்கை இல்லாததால் 45½ கிலோவும் இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நாளையிலிருந்து வாசலில் எடையோடு எத்தனை கோழி என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கட்டருக்கு 14 என்று சொல்லாமல், 1 கிலோ 200க்கு 14, 1 கிலோ 300க்கு மேல் வந்தால் 15 அல்லது 16 என்று பலகையில் எழுதி ஒட்டுங்கள். வருகிற 30ஆம் தேதி ராத்திரி கடை சாத்தியதும் நானே எண்ண வருகிறேன். மறுநாள் லோடு காலை 6 மணிக்கு முன் வேண்டாம் என்று கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.