சம்பளம் தந்தால்தான் பேப்பர் தருவேன் என்று சொல்லலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக இருக்கிறேன். கோவையில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது, உடனே சேரச் சொல்கிறார்கள். பிரின்சிபல் ராஜினாமாவை வாங்க மறுக்கிறார். பல்கலைக்கழகத் தேர்வு முடியும்வரை இருந்தே ஆகவேண்டுமாம். ஹெச்.ஓ.டி. எல்லார் முன்னாலும் நன்றி கெட்டவள் என்று திட்டினார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, என் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அவர்களிடம். ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் என்று இருக்கிறது. இரண்டு வகுப்பின் இன்டர்னல் பேப்பர்கள் என் வீட்டில் இருக்கின்றன. பாக்கியைத் தந்தால்தான் தருவேன் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றே பேப்பர்களை ஒப்படைத்துவிடுங்கள்.

ஹெச்.ஓ.டி. திட்டியதை விடுங்கள், அதை வைத்து ஒரு வழக்கும் நிற்காது. ராஜினாமாவை வாங்காததும் பெரிய விஷயமில்லை. மனமில்லாதவரை வேலையில் உட்கார வைக்கக் கோர்ட்டு உத்தரவு போடாது. பதிவுத் தபாலிலும் ஈமெயிலிலும் அனுப்புங்கள், போதும்.

உங்கள் விவகாரத்தில் சட்டம் முதலில் பார்க்கப்போவது அந்தப் பேப்பர் கட்டைத்தான். திருத்தித் தரச் சொல்லி உங்களை நம்பிக் கொடுத்த பொருள் அது. சம்பளத்துக்கு ஈடாக அதை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்க அவர்களுக்கும் கிடையாதுதான், ஆனால் அவர்கள் தப்பு உங்கள் தப்புக்குப் பதில் ஆகாது. இப்போது நீங்கள் பணம் வரவேண்டியவர். 'தரமாட்டேன்' என்று ஒரு மெசேஜ் போட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 316-இன் கீழ் நம்பிக்கை மோசடி என்று ஸ்டேஷனில் ஒரு புகார் எழுதிவிடுவார்கள். நேர்மையற்ற எண்ணம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும், அதனால் கடைசியில் அது நிற்காமல் போகலாம். அதற்குள் புதுக் கல்லூரிக்கு விஷயம் போய்விடும்.

ஒப்படைப்பதிலும் ஆட்கள் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு ஆசிரியை, கட்டை டிபார்ட்மென்ட் அட்டெண்டரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மாணவிக்கு இன்டர்னல் மார்க்கே ஏறவில்லை, அவள் பேப்பரும் இல்லை. கல்லூரி கைகாட்டியது வேலையை விட்டுப் போனவரை. எண்ணிக் கொடுத்ததற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நீங்கள் வகுப்பு வாரியாக, ரெஜிஸ்டர் எண்ணோடு பட்டியல் போடுங்கள். திருத்தியது எத்தனை, திருத்தாதது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பிரின்சிபலோ ஆபீஸ் சூப்பிரண்டோ தேதி, சீலோடு கையெழுத்துப் போடட்டும். மறுத்தால் சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு ஆபீசில் ஒப்படைத்து, அங்கிருந்தே பட்டியலை ஈமெயிலில் அனுப்புங்கள். திருத்தாத பேப்பருக்கு வெற்று மார்க் ஷீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள், போர்ட்டல் பாஸ்வேர்டும் கேட்பார்கள். இரண்டையும் கொடுக்காதீர்கள். நாளைக்கு யாரோ போட்ட மார்க்குக்கு உங்கள் பெயர்தான் நிற்கும். பல்கலைக்கழக வேல்யுவேஷன் கேம்ப் டியூட்டி உங்கள் பெயரில் வந்திருந்தால், வேறு ஆளைப் போடச் சொல்லி ராஜினாமாக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம் இந்த எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு கண்ணி. கடைசி நாளில் மலையாளத்தில் டைப் செய்த நோ டியூஸ் தாள் ஒன்றை நீட்டுவார்கள். பேசினால் புரியும், படிக்கத் தெரியாது என்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். 'சம்பள பாக்கி முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று நடுவில் ஒரு வரி இருக்கும். படிக்காமல் போட்டேன் என்று பிறகு சொல்வதைக் கோர்ட்டு அவ்வளவு சுலபமாக ஏற்காது. இங்கிலீஷில் கேளுங்கள், இல்லையென்றால் படிக்கத் தெரிந்த ஆளோடு போங்கள்.

சம்பளத்துக்கு லேபர் கோர்ட்டு போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆசிரியர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. பெரும்பாலும் மிச்சம் இருப்பது சிவில் வழக்கு. இரண்டு மாதச் சம்பளத்துக்காகக் கோவையிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா சித்தூருக்கு பஸ் ஏறுவீர்களா?

எனக்குத் தோன்றுவது சமரசம்தான். நோட்டீஸுக்கு ஈடாக ஒரு மாதச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோட்டீஸ் தராமல் போனதற்கு நியாயமான நஷ்ட ஈட்டுக்கு மேல் அவர்களால் கேட்க முடியாது, ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் ஒரு மாதம் என்பது எந்தக் கோர்ட்டுக்கும் அதிகமாகத் தெரியாது. மீதி ஒரு மாதப் பணம், ஒரிஜினல், ரிலீவிங் லெட்டர் மூன்றையும் ஒரே நாளில் கேளுங்கள். பணத்தை மட்டும் இழுத்தடித்தால் சர்டிபிகேட்டையும் லெட்டரையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சம்பள பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு, வக்கீல் நோட்டீஸைக் கோவையில் இருந்தே அனுப்பிக்கொள்ளலாம்.