வாடகைப் பற்றுச்சீட்டு: கொடுத்து முடித்த மாதங்களை எழுத்தில் உறுதிப்படுத்துவது எப்படி?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் 2024 ஏப்ரலில் இருந்து வாடகைக்கு இருக்கிறோம். மாதம் 20,000 ரூபா, முற்பணம் 60,000. வீட்டுக்காரர் கனடாவில் இருப்பதால் அவருடைய அக்காதான் வாடகையை வாங்குகிறா. பெரும்பாலும் வங்கியில் போடுவோம், 6 மாதம் கையில் கொடுத்தோம். பற்றுச்சீட்டு ஒன்றுகூட இல்லை. 2025 செப்டெம்பர் வரை கட்டிவிட்டோம். ஆனால் 2024 ஜூலையும் டிசெம்பரும் பாக்கி என்று அக்கா சொல்கிறா. மனக்கசப்பு இல்லாமல் இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: பற்றுச்சீட்டு கேட்பதற்கு முன் உங்கள் கணக்கை நீங்களே எழுதி முடியுங்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை 18 மாதம், 3,60,000 ரூபா வரவேண்டும். ஒரு தாளில் 18 மாதத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கொடுத்த திகதி, தொகை, கையிலா வங்கியிலா, என்ன ஆதாரம் என்பதைப் போடுங்கள். வங்கிக் கூற்றைப் பார்க்கும்போது வரவுகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணாதீர்கள், தொகையைப் பாருங்கள். 12 மாதம் வங்கியில் போட்டிருந்தும் கூற்றில் 11 வரவுதான் இருந்தால், அதில் ஒன்று 40,000 ஆக இருக்கலாம். 2025 ஜனவரியில் டிசெம்பருக்கும் சேர்த்துப் போட்ட பணத்தை அக்கா கொப்பியில் ஜனவரி என்று மட்டும் எழுதியிருந்தால், டிசெம்பர் பாக்கியாகத்தான் தெரியும். இப்படி வரும் வாடகைத் தகராறுகள் பல.

தண்ணீர் மோட்டார் திருத்தியது போன்ற செலவைக் கழித்துக் கொடுத்த மாதமும் இப்படிக் குழப்பும். 13,500 கொடுத்து 6,500 கழித்திருந்தால், தாளில் இரண்டையும் தனித்தனியாக எழுதி, கடைப் பில்லையும் கழிக்கச் சம்மதித்த செய்தியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் கொடுத்த மாதங்களுக்கு வட்ஸ்அப்பில் “கிடைச்சது” என்று வந்த செய்தியே நல்ல ஆதாரம். ஜூலைக்கு ஒன்றும் இல்லையென்றால், அந்த நாட்களில் வங்கியில் பணம் எடுத்த பதிவைத் தேடுங்கள். அது அக்காவின் கைக்குப் பணம் போனதைக் காட்டாது, துணை ஆதாரம்தான். ஓகஸ்ட் வாடகையை வாங்கும்போது ஜூலை பற்றி ஒரு பேச்சும் வரவில்லை என்றால் அதையும் குறித்து வையுங்கள்.

பிறகு வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்புங்கள்: “அண்ணை, இதுவரை கட்டின வாடகையை மாதம் மாதமா எழுதி அனுப்பியிருக்கிறன். ஒருக்கா பாத்து, சரியெண்டால் அக்காவிட்டைக் கையெழுத்து வாங்கச் சம்மதம் எண்டு எழுதிவிடுங்கோ.” அந்தச் சம்மதம் முக்கியம். அது இல்லாவிட்டால், அக்கா போட்ட கையெழுத்து தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அவர் பிறகு சொல்ல இடமிருக்கும். தாளின் அடியில் அக்காவின் பெயர், அடையாள அட்டை இலக்கம், “உரிமையாளர் சார்பில்” என்ற சொல், திகதி, கையொப்பம் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து இரண்டிலும் ஒப்பம் வாங்குங்கள். முற்பணம் 60,000 வீட்டுக்காரரிடம் அப்படியே இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள். வீட்டை விடும் நாளில் அந்த வரிதான் கைகொடுக்கும்.

ஜூலையில் அக்கா பிடிவாதமாக நின்றால், அதை மட்டும் தள்ளிவைத்து மற்ற 17 மாதத்துக்கும் ஒப்பம் வாங்கிவிடுங்கள். ஒரு மாதத்துக்காக முழுத் தாளையும் ஒப்பமில்லாமல் விடுவது உங்களுக்குத்தான் நட்டம். ஆனால் “ஜூலை பாக்கி” என்று எழுத விடாதீர்கள். “ஜூலை பற்றி இணக்கம் இல்லை” என்றால் போதும்.

இனி வரும் மாதங்களுக்குப் புத்தகக் கடையில் கார்பன் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். “வாடகை” என்று மட்டும் எழுதினால் போதாது, “2025 ஒக்டோபர் மாத வாடகை” என்று மாதம் வரவேண்டும். மாதம் சொல்லாமல் கொடுத்த பணத்தைப் பழைய பாக்கியில் வரவு வைத்தோம் என்று சொல்ல வழி பிறக்கும். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதி, பணம் கைமாறும் அதே நேரத்தில் ஒப்பம் வாங்குங்கள். வங்கியில் போடும்போது குறிப்புப் பகுதியில் `RENT OCT 2025` என்று அடியுங்கள்.

ஒப்பமிட மறுத்தாலும் வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உண்மையான பாக்கி உருவாகி, வீட்டை விட்டு எழுப்ப அதுவே காரணமாகும். கையில் கொடுப்பதை மட்டும் விட்டு, வங்கி வழியாகவே கட்டுங்கள். அதே பட்டியலை ஒரு கடிதமாக எழுதி, 14 நாளுக்குள் பிழை இருந்தால் எழுத்தில் அறிவிக்கும்படி கேட்டு, அக்காவின் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வீட்டுக்காரருக்கு அதன் படத்தை அனுப்புங்கள். தபால் கந்தோர் தரும் சீட்டையும் கடிதப் பிரதியையும் ஒன்றாகப் பின் அடித்து வையுங்கள். அதற்கும் பதில் வராமல் பாக்கி கேட்டுக்கொண்டே இருந்தால், வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு கொடுக்கலாம். அங்கே போகும்போது இந்தத் தாளும் கடிதமும் வங்கிக் கூற்றும் கையில் இருக்கட்டும்.