கமலா, கமலா அவர்கள், செயலாளர் அவர்கள்

வணக்கம். எங்கள் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் தொண்டூழியம் செய்கிறேன். செயலாளர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ‘அன்புள்ள கமலா’ என்று தொடங்கக் கை கூசுகிறது. ‘மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு’ என்றால் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் ‘டியர் கமலா’ என்று சுலபமாக வந்துவிடுகிறது. எப்படித் தொடங்குவது?
— வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

‘அன்புள்ள கமலா அவர்களுக்கு, வணக்கம்’ என்று தொடங்குங்கள். பெயர் இருப்பதால் கடிதம் அவருக்கென்றே எழுதியதாகிறது, ‘அவர்கள்’ வயதுக்குரிய மரியாதையைத் தந்துவிடுகிறது. ‘திருமதி’ போட்டால் மணமானவர் என்று நீங்களே முடிவு செய்ததாகிவிடும். ‘அவர்கள்’ அதைக் கேட்பதே இல்லை.

பதவியைச் சொல்லி அழைப்பது குளிர்வதற்குக் காரணம், அந்த நாற்காலியில் நாளை வேறு யார் உட்கார்ந்தாலும் அதே வரி பொருந்தும் என்பதுதான். ஆகவே மண்டப அனுமதி, கணக்கு ஒப்புதல் என்று கோப்பில் தங்கப்போகும் கடிதத்துக்கு அது சரி. ஞாயிற்றுக்கிழமை நாற்காலி அடுக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்பதற்கு வேண்டாம்.

ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் இங்கே பெரிய தவறு நடக்கிறது. அவர் பெயர் திரையில் Kamala d/o Ramaiah என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ராமையா அவருடைய அப்பா, குடும்பப் பெயர் அல்ல. கடைசிச் சொல்லை எடுத்து ‘மிஸ் ராமையா’ என்று எழுதினால், மரியாதை என்று நினைத்துக்கொண்டு அவருடைய தகப்பனாரை அழைத்திருப்பீர்கள். ‘மிஸ் கமலா’தான் சரி. நம் பெயர்களில் சொந்தப் பெயரோடுதான் பட்டம் சேரும். மலாய்க்காரர்களுக்கும் அப்படியே: அகமது பின் இஸ்மாயில் என்பவர் ‘என்சிக் அகமது’. சீனர்களுக்கு மாறும்: டான் வெய் மிங் என்பவர் ‘மிஸ்டர் டான்’, ஏனென்றால் அங்கே குடும்பப் பெயர் முதலில் நிற்கிறது.

அவர் பதிலின் அடியில் ‘கமலா’ என்று மட்டும் கையெழுத்திட்டால் என்ன பொருள்? ஆங்கில மின்னஞ்சலில், ‘மிஸ்’ இனி வேண்டாம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். தமிழில் அப்படி எடுக்காதீர்கள். மூத்தவர் தன் பெயரை வெறுமனே எழுதுவது இயல்பு, அதனால் நீங்களும் வெறும் பெயரைச் சொல்லலாம் என்றாகாது. ‘அவர்கள்’ இருக்கட்டும்.

‘அக்கா’ என்பதைக் குழுவில் மற்றவர்கள் அவரை அப்படிக் கூப்பிட்டால், அல்லது அவரே உங்களைத் ‘தம்பி’ என்றால் மட்டும் எழுதுங்கள். அப்போதும் அது வாட்ஸ்அப்போடு நிற்கட்டும். பலருக்கு நகல் போகும் கடிதத்தில் ஒருவரை ‘அக்கா’, அடுத்தவரை ‘திரு’ என்று எழுதினால், மற்றவர்கள் முதலில் கவனிப்பது அந்த வேறுபாட்டைத்தான். அங்கே எல்லோருக்கும் ‘அவர்கள்’ போடுங்கள்.

அன்புடன்.