கணிதத்தில் 43 எடுத்த தம்பிக்கு டிப்ளமோவா, பட்டமா?

வணக்கம். என் தம்பி பள்ளி இறுதித் தேர்வில் 56 சதவீதம் எடுத்திருக்கிறான். கணிதத்தில் 43, இயற்பியலில் 49. செய்முறைத் தேர்வுகளில் மட்டும் நல்ல மதிப்பெண். மின்துறையில்தான் வேலை பார்ப்பேன் என்கிறான். மின்பொறியியல் பட்டப்படிப்புக்கு மதிப்பெண் போதாது. மூன்றாண்டு இயற்பியல் பட்டப்படிப்பில் இடம் இருக்கிறது. இரண்டாண்டு மின்னியல் டிப்ளமோவிலும் இருக்கிறது. "ஏதாவது ஒரு டிகிரி கையில் இருக்கட்டும்" என்கிறார்கள் உறவினர்கள். டிப்ளமோ முடித்தால் பிறகு பட்டம் படிக்க முடியுமா? எதில் சேர்ப்பது?
— ஓர் அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த இரண்டில் டிப்ளமோதான் உங்கள் தம்பிக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் சேர்ப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, அந்த 43 எப்படி வந்தது என்பது. மற்றொன்று, அந்த டிப்ளமோவிலிருந்து பட்டப்படிப்புக்கு உண்மையிலேயே வழி இருக்கிறதா என்பது.

மொத்தச் சதவீதம் இந்த முடிவுக்கு உதவாது. கணித விடைத்தாளின் நகல் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அதே வினாத்தாளைக் கொடுத்து நேரக் கட்டுப்பாடு இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். இழந்த மதிப்பெண்களை மூன்றாகப் பிரிக்கலாம்: தொடங்கவே தெரியாத கணக்குகள், வழி சரியாக இருந்து கணக்கிடுவதில் பிசகியவை, நேரம் போதாமல் விட்டவை. பெரும்பங்கு பின்னிரண்டில் என்றால் அவன் கணிதத்தில் பலவீனமானவன் அல்ல. ஓராண்டு செலவழித்துத் தேர்வைத் திரும்ப எழுதி, விரும்பிய மின்பொறியியலுக்கே முயல்வதுகூட நியாயமான வழிதான். பெரும்பங்கு முதல் வகை என்றால், பட்டமோ டிப்ளமோவோ, முதல் செமஸ்டரிலேயே அதே இடத்தில்தான் இடறுவான்.

ஏனென்றால் மின்னியல் டிப்ளமோ கணிதம் இல்லாத படிப்பு அல்ல. "கையால் செய்யும் படிப்புதானே" என்று நம்பி வருகிறவர்கள் மாறுமின்னோட்டப் பாடத்தில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். இதைச் சேர்வதற்கு முன்பே சோதித்துப் பார்க்க முடியும். ஒரு கம்பிச்சுருளின் மின்தடை 30 ஓம், மின்மறுப்பு 40 ஓம், கொடுக்கும் மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் நேராகக் கூட்டி 70 ஓம் என்று சொல்லக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 50 ஓம் வரும். மின்னோட்டம் 4.6 ஆம்பியர். அது உண்மையில் செலவழிக்கும் திறன் 4.6 × 4.6 × 30, ஏறக்குறைய 635 வாட். 230-ஐ 4.6-ஆல் பெருக்கி 1058 என்று எழுதினால் தவறு. இந்தக் கணக்கை யாராவது இரண்டு வாரம் சொல்லிக்கொடுக்கட்டும். பிறகு எண்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். தானாகப் போட்டு, 1058 ஏன் தவறு என்றும் விளக்கினால் டிப்ளமோவைத் தாங்குவான். முடியவில்லையென்றால், மின் இணைப்பு, பராமரிப்பு போன்ற பணிகளுக்கான குறுகிய சான்றிதழ்ப் படிப்பில் தொடங்குவது அவனுக்கு நல்லது.

இயற்பியல் பட்டத்தை நான் தள்ளி வைப்பதற்கும் காரணம் இதுதான். அதன் முதலாண்டிலேயே நுண்கணிதமும் வெக்டரும் டிப்ளமோவைவிட ஆழமாக வரும். அவன் சிறப்பாகச் செய்யும் செய்முறைக்கு அங்கே நேரம் குறைவு. விருப்பமில்லாத பாடத்தில் அரியர் சேர்ந்து ஒன்றரை ஆண்டில் வெளியேறினால், பல இடங்களில் கையில் எந்தச் சான்றிதழும் இருக்காது. முழுதாக முடித்தாலும் இயற்பியல் பட்டம் அவனை மின்பொறியாளர் ஆக்காது. உறவினர்கள் சொல்வதில் ஒரு உண்மை உண்டு: "ஏதாவது ஒரு பட்டம்" கேட்கும் அலுவலக வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு டிப்ளமோவை ஏற்க மாட்டார்கள். ஆனால் தம்பி கேட்பது அந்த வேலையை அல்ல.

டிப்ளமோவுக்கும் எல்லை உண்டு, அதை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பொறியியல் கல்வியை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள மூன்று உடன்படிக்கைகள் உள்ளன. 1989-இன் வாஷிங்டன் உடன்படிக்கை பொறியாளர்களுக்கானது. பொதுவாக நான்காண்டுப் பட்டம். 2001-இன் சிட்னி உடன்படிக்கை பொறியியல் தொழில்நுட்பவியலாளர்களுக்கானது, பொதுவாக மூன்றாண்டு. 2002-இன் டப்ளின் உடன்படிக்கை தொழில்நுட்பப் பணியாளர்களுக்கானது, பொதுவாக இரண்டாண்டு. இரண்டாண்டு டிப்ளமோ சேர்வது இந்த மூன்றாவது படியில். நிறுவுவது, சோதிப்பது, பழுது கண்டுபிடிப்பது எல்லாம் அவன் கையில் இருக்கும். வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டுமானால் மேலே ஏற வேண்டும்.

ஏற முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். "டிப்ளமோ முடித்தால் நேரடியாக இரண்டாம் ஆண்டு" என்று சொல்லப்படுவதைக் கிரெடிட் கணக்காக மாற்றிப் பாருங்கள். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் முழுநேரப் படிப்பின் ஓராண்டு 60 கிரெடிட். அப்படியானால் இரண்டாண்டு டிப்ளமோ 120; அடுத்த படியான மூன்றாண்டுப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் 180. எல்லாவற்றையும் ஏற்றால் மீதி 60, ஓராண்டில் பட்டம் வந்துவிடும். நடைமுறையில் அப்படி நடப்பது அபூர்வம். கணக்குக்காக, டிப்ளமோவின் 120-இல் 70 பாடங்களுக்கு, 50 பட்டறைப் பயிற்சிக்கு என்று வைப்போம். பாடங்களில் கணிதத்துக்குரிய 10, "எங்கள் தரத்துக்குக் கீழே" என்று விலக்கப்படும், 60 நிற்கும். பட்டறைப் பயிற்சிக்கு ஈடான பாடம் பட்டப்படிப்பில் இல்லாததால் அதை விருப்பப் பாடமாகத்தான் ஏற்பார்கள். விருப்பப் பாடத்துக்கான இடமே 20 என்றால், 30 வீணாகும். ஏற்றது 80, மீதி 100. கணிதத்தை முடித்த பிறகே மின்காந்தவியல், அதன் பிறகே மின்பொறிகள் என்று பாடங்கள் ஒன்றையொன்று தொடர்வதால் இந்த 100-ஐ அவசரப்படுத்த முடியாது. இரண்டு ஆண்டு ஆகும். ஆக மொத்தம் மூன்றல்ல, நான்கு ஆண்டு. தம்பிக்கு இது ஏற்கத்தக்க விலை என்றுதான் நான் சொல்வேன், ஏனென்றால் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே வேலைக்குப் போகும் தகுதி கையில் இருக்கும்.

அதனால் டிப்ளமோ நிறுவனத்திடம் மட்டும் கேட்காமல், பட்டம் தரும் நிறுவனத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். இந்த டிப்ளமோவுக்கு எந்தப் பட்டப்படிப்பில், எத்தனையாவது ஆண்டில் சேர்க்கை? எத்தனை கிரெடிட் குறிப்பிட்ட பாடங்களுக்கு ஈடாக, எத்தனை விருப்பப் பாடமாக? குறைந்தபட்ச டிப்ளமோ சராசரி என்ன, அதில் முதல் செமஸ்டரும் சேருமா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முதல் செமஸ்டரை மெத்தனமாக எழுதிவிட்டு, பிறகு சராசரியை உயர்த்த முடியாமல் மேற்படிப்பு வாய்ப்பை இழக்கிறவர்கள் உண்டு.

பதில் எழுத்தில் வர வேண்டும். வாய்மொழியாக "அதெல்லாம் எடுத்துக்கொள்வார்கள்" என்றால், ஏற்கப்படும் கிரெடிட் பூஜ்ஜியம் என்று வைத்தே திட்டமிடுங்கள். இரண்டாண்டு கழித்து விதி மாறலாம் என்பதால், எந்த ஆண்டுச் சேர்க்கை வரை அது செல்லும் என்றும் அந்தப் பதிலில் இருக்கட்டும். கணித இடைவெளியை அடைக்க, டிப்ளமோவின் முதலாண்டு விடுமுறையிலேயே நுண்கணித இணைப்புப் பாடம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பாடத்தை ஏற்பார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். பதில் வரும்வரை இயற்பியல் இடத்துக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டாம்.